ஐந்து மொழி தெரியும் என்றால் போதுமா? மொரீஷியஸில் கல்யாணம், விழா தொகுப்பவர்களின் அறிமுகக் குறிப்பை எப்படி எழுதலாம்

எங்கள் ஊரில் தொகுப்பாளராக மைக் பிடிக்க வரும் தம்பி தங்கைகள் அனுப்பும் அறிமுகக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்குகின்றன: "கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ், போஜ்புரி ஆகிய ஐந்து மொழிகளிலும் சரளமாகப் பேசுவேன்." கல்யாண ஏற்பாடும் சங்க விழா ஏற்பாடும் செய்கிற என் போன்றவர்களுக்கு அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. மொரீஷியஸில் படித்தவர் எவருக்கும் மூன்று மொழி வந்துவிடும். வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, பள்ளிப் பாடத்தில் ஆங்கிலம் என்றுதானே வளர்கிறோம். அப்புறம் அதில் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான், எந்த நேரத்தில் எந்த மொழியை வைத்து இவர் என்ன வேலை செய்வார் என்பது.

குறிப்பை எழுத மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அடக்கிய ஒரே நீளமான குறிப்பு எழுதலாம். கல்யாணத்துக்கு ஒன்று, மேடை விழாவுக்கு ஒன்று என்று இரண்டு தனிக் குறிப்புகள் வைத்துக்கொள்ளலாம். அல்லது மாறாத ஒரு அடிப்படையை எழுதி, நடுவில் ஒரு பத்தியை மட்டும் நிகழ்ச்சிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். என் வாக்கு மூன்றாவதற்குத்தான். ஆனால் மற்ற இரண்டிலும் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன், அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொ பாஸ்ஸேனில் இருக்கும் ஒரு தங்கையின் குறிப்பை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பள்ளி ஆசிரியை, வாரக்கடைசியில் நிகழ்ச்சி தொகுக்கிறார். தமிழைப் பள்ளியில் ஹெச்.எஸ்.சி. வரை பாடமாகப் படித்தவர். போஜ்புரி பக்கத்து வீட்டாரோடு பழகி வந்தது. அவர் எழுதிய முதல் குறிப்பு ஒரு பக்கம் முழுக்க இருந்தது: ஐந்து மொழி, கல்யாணம், நிச்சயதார்த்தம், பிறந்தநாள், சங்க ஆண்டு விழா, பரிசளிப்பு, நிறுவன விருந்து, "அனுபவமும் அர்ப்பணிப்பும் உள்ளவர்", "எந்தச் சபையையும் கலகலப்பாக்குவார்", "நேரம் தவறாதவர்". இதில் ஒரு நல்லதும் உண்டு. எந்த நிகழ்ச்சிக்கு ஆள் தேடுபவரும் தன் நிகழ்ச்சியின் பெயரை அதில் பார்த்துவிடுவார், ஒரே கோப்பை எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். சங்கடம் என்னவென்றால், படிப்பவர் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. பெண் வீட்டார் ரோஸ்ஹில், மாப்பிள்ளை வீட்டார் ரெயூனியன் என்று ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் அம்மா இந்தக் குறிப்பைப் படித்தால் என்ன தெரியும்? தாலி கட்டும்போது இந்தத் தொகுப்பாளர் பேசிக்கொண்டே இருப்பாரா, ரெயூனியன்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று யார் சொல்வார்கள், பாட்டிமார்களை மேடைக்குத் தமிழில் அழைப்பார்களா? ஒன்றும் தெரியாது.

மொழித் திறன் என்பது ஒரே அளவுகோலில் மேலும் கீழும் போகிற விஷயம் அல்ல. தொகுப்பாளருக்கு அது மூன்று வெவ்வேறு வேலை. முதலாவது, எழுதி வைத்ததை வாசிப்பது. இரண்டாவது, ஒருவர் பேசியதைக் கேட்டு, அங்கேயே இன்னொரு மொழியில் சுருக்கிச் சொல்வது. மூன்றாவது, சபையில் இருப்பவரோடு நேருக்கு நேர் பேசுவது, அதாவது மேடைக்கு வந்த தாத்தா எதிர்பாராமல் ஏதாவது சொன்னால் அதே மொழியில் மரியாதையாகப் பதில் சொல்வது. முதலாவது வருகிறவருக்கு மூன்றாவது வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் ஊர்த் தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளியில் படித்தவர்கள் வரவேற்புரையை அழகாக வாசித்துவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கலைஞர் வேகமாகப் பேசி முடித்து, "சொல்லுங்கம்மா" என்று மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சிரமம் தொடங்கும். வாசிப்பவர்களிலும் தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிப்பவர், ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பவர் என்று இரண்டு வகை உண்டு. ரோமன் எழுத்தில் வாசிக்கும்போது ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். கிரியோல் மட்டுமே பேசும் விருந்தினருக்கு அது தெரியாது, ஆனால் முன்வரிசையில் இருக்கும் தமிழாசிரியருக்குத் தெரியும்.

அந்தத் தங்கையிடம் ஒவ்வொரு மொழிக்கும் இந்த மூன்றில் எது வரும் என்று நேர்மையாக எழுதச் சொன்னேன். கிரியோலிலும் பிரெஞ்சிலும் மூன்றும் வரும். ஆங்கிலத்தில் வாசிப்பதும் சுருக்கிச் சொல்வதும் நன்றாக வரும், வேடிக்கை பேச வராது. தமிழில் தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிப்பார், பெரியவர்களை உறவு சொல்லி அழைத்து நாலு வார்த்தை பேசுவார், நீண்ட பேச்சை உடனே மொழிபெயர்க்க மாட்டார். போஜ்புரியில் வணக்கமும் வாழ்த்தும் மட்டும். இப்படி எழுதியதும் ஐந்து மொழி குறைந்த மாதிரி இருக்கிறதே என்று தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதைப் படித்த பிறகுதான் அவரை எதற்கு அழைக்கலாம் என்றே எனக்குத் தெரிந்தது. போஜ்புரி மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்துக்கு முன் நடக்கும் கீத் கவாய் பாட்டுச் சடங்கை (2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) நடத்தித் தர அவரை அழைக்க மாட்டேன், அங்கே பாட்டு தெரிந்த பெண்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். மறுநாள் வரவேற்புக்குக் கண்டிப்பாக அழைப்பேன்.

இரண்டாவது வழி, தனித்தனிக் குறிப்புகள். இதற்கு வலுவான காரணம் உண்டு, ஏனென்றால் கல்யாணத்தில் மொழிகள் செய்யும் வேலை வேறு, விழா மேடையில் செய்யும் வேலை வேறு. தமிழ்க் கல்யாணச் சடங்கின்போது தொகுப்பாளர் பேச வேண்டியதே கொஞ்சம்தான். ஐயர் மந்திரம் சொல்லும்போது மைக் அடங்கி இருக்க வேண்டும், மந்திரங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் கன்னிகாதானம் என்றால் என்ன, அம்மி மிதிப்பது எதற்கு என்று கிரியோலிலோ பிரெஞ்சிலோ இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். ரெயூனியன் விருந்தினருக்குப் பிரெஞ்சு வேண்டும், அவர்கள் கிரியோலும் எங்கள் கிரியோலும் ஒன்றல்ல, வேடிக்கைகள் அப்படியே போய்ச் சேராது. கெட்டிமேளம் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் எல்லாரும் அட்சதையோடு தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்துவிட வேண்டும். தவில் அடிக்கும்போது தொகுப்பாளர் குரல் மேலே ஏறி வந்தால் கல்யாண வீடியோவில் அது வாழ்நாள் முழுக்க இருக்கும். இதைச் சரியாகச் செய்பவர் குறிப்பில் ஒரு வரி எழுதலாமே: "சடங்கின்போது மந்திரத்தின் மேல் பேச மாட்டேன், இடைவெளியில் மட்டும் விளக்கம் சொல்வேன்." பெண்ணின் அம்மாவுக்கு அந்த ஒரு வரி ஐந்து மொழிப் பட்டியலைவிடப் பெரிய நிம்மதி.

விழா மேடை வேறு. வருஷப் பிறப்பு, தீபாவளி நிகழ்ச்சி, கோயில் சங்க விழா எல்லாவற்றிலும் அமைச்சர் வருவார், ஊராட்சித் தலைவர் வருவார், சில நேரம் இந்திய உயர் ஆணையத்திலிருந்து ஒருவர் வருவார். பதவிப் பெயரும் அழைக்கும் வரிசையும் தவறக் கூடாது. அந்த வரிசை பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்லப்படும். கலைஞர் அறிமுகம் பிரெஞ்சிலோ கிரியோலிலோ போகும். கடவுள் வாழ்த்தும் பாடல் அறிமுகமும் தமிழில் இருக்க வேண்டும் என்று சங்கத்தார் எதிர்பார்ப்பார்கள், அதில் உச்சரிப்பைக் கவனிப்பார்கள். கல்யாணத்தில் கலகலப்பாகப் பேசுபவர் இங்கே வந்து அமைச்சர் பேச்சுக்கு நடுவில் வேடிக்கை சொன்னால் சங்கத்தார் அடுத்த ஆண்டு அழைக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு குறிப்பு வைத்திருப்பது நியாயம்தான். ஆனால் இரண்டு கோப்பு இருந்தால் ஒன்று பழசாகிவிடும். கல்யாணக் குறிப்பில் புது தொலைபேசி எண், விழாக் குறிப்பில் பழைய எண் என்று இருக்கும். இன்னொன்று, எங்கள் ஊர் சின்ன ஊர். கோயில் சங்கத் தலைவரே மகள் கல்யாணத்துக்கும் ஆள் தேடுவார், அவர் கையில் இரண்டு குறிப்பும் வந்து சேரும். ஒன்றில் "தமிழில் தேர்ந்தவர்" என்றும் இன்னொன்றில் "தமிழ் வாசிப்பேன்" என்றும் இருந்தால் இரண்டையும் நம்ப மாட்டார்.

அதனால்தான் மூன்றாவது வழி. முதல் பத்தியில் யார், எந்த ஊர், எந்த மொழியில் என்ன செய்வார். கடைசிப் பத்தியில் நம்பகத்தன்மை. இவை இரண்டும் ஒருபோதும் மாறாது. நடுப் பத்தி மட்டும் கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, விழாவுக்கு ஒரு மாதிரி. மொத்தம் நூற்றைம்பது வார்த்தையைத் தாண்ட வேண்டாம், வாட்ஸ்அப்பில் திறந்தவுடன் தெரிய வேண்டும்.

நம்பகத்தன்மையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாக் குறிப்பும் சறுக்குகிறது. "நேரம் தவறாதவர்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், தவறுபவரும் அதையேதான் எழுதுவார். குணத்தைச் சொல்வதற்குப் பதில் ஏற்பாட்டைச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தொகுப்பாளர் வராமல் போவதற்கு உண்மையான காரணங்கள் சில உண்டு. ஒன்று, ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை, தைப்பூசக் காவடி விரதத்திலும் புரட்டாசிக் கோவிந்தன் விரதத்திலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை, அதனால் மிச்ச மாதங்களின் நல்ல வாரக்கடைசிகளில் எல்லாக் கல்யாணமும் வந்து குவிந்துவிடுகிறது. காலையில் ஒரு முகூர்த்தத்தை முடித்துவிட்டு மாலையில் இன்னொரு ஊரில் வரவேற்பு என்று ஒப்புக்கொள்பவர்கள் உண்டு, காலைச் சடங்கு இழுத்தால் மாலை நிகழ்ச்சி தொகுப்பாளர் இல்லாமல் நிற்கும். "ஒரு நாளில் ஒரு நிகழ்ச்சி மட்டும்" என்று எழுத முடிந்தவர் எழுதட்டும். முடியாதவர், "இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவே இவ்வளவு மணி நேரம் இருந்தால்தான் ஒப்புக்கொள்வேன்" என்று எழுதட்டும். அதுவும் போதும்.

அடுத்தது புயல். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் காலம். மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் பேருந்து கிடையாது, யாரும் வெளியே போக முடியாது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்லூயி தெருக்களில் வெள்ளம் காரை அடித்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். தொகுப்பாளர் புயலை நிறுத்த முடியாது, ஆனால் குறிப்பில் ஒரு வரி எழுத முடியும்: மூன்றாம் எச்சரிக்கையால் நிகழ்ச்சி தள்ளிப்போனால் அதே முன்பணத்தில் புதுத் தேதிக்கு வருவேன், அந்தத் தேதி எனக்கு ஒத்துவராவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவேன். வீட்டு முற்றத்தில் சால் வெர்த் போட்டுக் கல்யாணம் நடத்தும் குடும்பங்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம், மழை பலமாக வந்தால் கூரைத் துணியே தாங்காது.

மூன்றாவது, உடம்புக்கு முடியாமல் போவது. பதிலுக்கு வருபவர் யார், அவருக்கு உங்கள் மொழிகளில் எவை வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழ் வாசிக்கும் தொகுப்பாளருக்குப் பதிலாகத் தமிழே தெரியாதவர் வந்தால் குடும்பத்துக்கு அது பாதி ஏமாற்றம்.

சாட்சிக்கு யாரைக் காட்டுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. மணமக்கள் எழுதிய பாராட்டு இனிமையாக இருக்கும், ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு எதையும் கவனிக்க நேரம் இருந்திருக்காது. மண்டப மேலாளரோ ஒலிபெருக்கிக்காரரோ பேசினால் எனக்கு இரட்டிப்பு நம்பிக்கை. எத்தனை மணிக்கு வந்தார், மைக் சோதனைக்கு நின்றாரா, நிகழ்ச்சி எவ்வளவு இழுத்தது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அனுமதி வாங்கிக்கொண்டு அப்படி இரண்டு பேரைக் காட்டலாம், எண்களைக் குறிப்பில் போடாமல் கேட்டால் தருகிறேன் என்று எழுதுவது நல்லது.

குரல் மாதிரி விஷயத்திலும் அப்படித்தான். பின்னணி இசையோடு வெட்டி ஒட்டிய வீடியோ பார்க்க நன்றாக இருக்கும், மொழி மாறும் இடம் அதில் கேட்காது. வெட்டாத ஒரு நிமிடக் கைபேசிப் பதிவு போதும், அதில் ஒரே அறிவிப்பை இரண்டு மூன்று மொழிகளில் எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் திரும்பச் சொல்பவரை நான் தவிர்த்துவிடுவேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது வினாடி அறிவிப்பை மூன்று மொழியில் சொன்னால் இரண்டு நிமிடம். ஒரு வரவேற்பில் பதினைந்து அறிவிப்பு வந்தால் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும், அதற்குள் வாழை இலையில் ஏழு கறியும் ஆறிவிடும். தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். "போன்ஸ்வார் தூ திமுன்" என்று கிரியோலில் தொடங்கி விஷயத்தை முழுதாகச் சொல்வார், பிரெஞ்சில் வெளியூர் விருந்தினருக்குத் தேவையான ஒரே ஒரு தகவலைச் சொல்வார், தமிழில் பெரியவர்களை முதல் பந்திக்கு அழைப்பார். மூன்று மொழியும் வந்துவிடும், எதுவும் இரண்டு தடவை வராது.

பெயர் உச்சரிப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எங்கள் குடும்பப் பெயர்கள் பழைய பதிவேட்டில் எழுதியபடி நிற்கின்றன, ஆறுமுகம் ஒரு மாதிரி, முத்துசாமி ஒரு மாதிரி, சுப்பிரமணியன் இன்னொரு மாதிரி. சில வீட்டில் தமிழ் உச்சரிப்பு வேண்டும் என்பார்கள், சில வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வந்த கிரியோல் உச்சரிப்பே அவர்கள் பெயர். தொகுப்பாளர் தானாகத் திருத்தக் கூடாது. நிகழ்ச்சிக்கு முன் எல்லாப் பெயரையும் குடும்பத்தாரைச் சொல்லவைத்துக் குரல் பதிவாக வாங்கிக்கொள்வேன் என்று எழுதினால் அது மொழித் திறனுக்கும் நம்பகத்தன்மைக்கும் சேர்த்தே சான்று.

குறிப்பை எந்த மொழியில் எழுதுவது என்றால், பிரெஞ்சில். தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் கல்யாணப் பேச்சில் உட்காரும் எல்லாருக்கும் தமிழ் எழுத்து வாசிக்க வராது. மேலே தமிழில் ஒரு வணக்க வரி இருக்கட்டும், தமிழ் எழுத்திலேயே. சங்க விழாவுக்கு அனுப்பும்போது நடுப் பத்தியைத் தமிழிலும் கொடுங்கள், நீங்களே எழுதியதாக இருக்கட்டும், பிழை இருந்தால் தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தங்கையின் கல்யாணக் குறிப்பு கடைசியில் எப்படி வந்தது என்று தமிழில் தருகிறேன்:

"வணக்கம். பொ பாஸ்ஸேனில் வசிக்கிறேன், ஆசிரியை, கல்யாணங்களும் விழாக்களும் தொகுக்கிறேன். கிரியோலிலும் பிரெஞ்சிலும் முழு நிகழ்ச்சியையும் நடத்துவேன், ஒருவர் பேசியதை உடனே சுருக்கிச் சொல்வேன். ஆங்கிலத்தில் முறையான அறிவிப்பும் அறிமுகமும் செய்வேன். தமிழில் எழுதித் தந்ததைத் தமிழ் எழுத்திலேயே வாசிப்பேன், பெரியவர்களை அழைத்துப் பேசுவேன். நீண்ட தமிழ்ப் பேச்சை மேடையில் மொழிபெயர்ப்பதில்லை. போஜ்புரியில் வரவேற்பும் வாழ்த்தும் சொல்வேன்.

சடங்கின்போது மந்திர இடைவெளியில் மட்டும் சுருக்கமாக விளக்குவேன். கெட்டிமேளத்தின்போது மைக் அணைந்திருக்கும். குடும்பப் பெயர்களை ஒரு வாரம் முன்பே குரல் பதிவாக வாங்கிக்கொள்வேன்.

ஒரு நாளில் ஒரு நிகழ்ச்சிதான். ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து ஒலிச் சோதனை செய்வேன். எனக்கு முடியாமல் போனால் கிரியோல், பிரெஞ்சு, தமிழ் தெரிந்த தோழி ஒருவர் வருவார், முன்பே அறிமுகப்படுத்துகிறேன். புயல் எச்சரிக்கையால் தள்ளிப்போனால் அதே முன்பணம், தேதி ஒத்துவராவிட்டால் முழுப் பணமும் திரும்பும். மண்டப மேலாளர், ஒலிபெருக்கிக்காரர் எண்கள் கேட்டால் தருகிறேன்."

விழாவுக்கு அனுப்பும்போது நடுப் பத்தியை எடுத்துவிட்டு, அழைக்கும் வரிசையைச் சங்கச் செயலாளரிடம் முதல் நாளே எழுத்தில் உறுதி செய்துகொள்வதையும், ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரம் குறித்த தாளை ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுப்பதையும், கலைஞர் தாமதமானால் நிரப்புவதற்குத் தயாராக வைத்திருக்கும் மூன்று நிமிடத் தமிழ், பிரெஞ்சுத் துணுக்குகளையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. நிகழ்ச்சி முழுதும் தமிழில் மட்டுமே நடக்க வேண்டும், அல்லது தமிழ்நாட்டுப் பேச்சாளரை மேடையிலேயே மொழிபெயர்க்க வேண்டும் என்றால் இந்தக் குறிப்புக்காரர் பொருந்த மாட்டார். அதற்குத் தமிழில் மூன்று வேலையும் வருகிற ஒருவர், தனிக் குறிப்போடு, இரண்டாவது வழியில் வருவதுதான் சரி. வேறு வேலையே இல்லாமல் விழாத் தொகுப்பை மட்டும் செய்பவருக்கும் அப்படித்தான். மற்றவர்கள், அதாவது வாரக்கடைசியில் கல்யாணமும் விழாவும் மாறி மாறிச் செய்பவர்கள், அடிப்படையை ஒன்றாக வைத்து நடுப் பத்தியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு புயல் காலமும் தொடங்குமுன் அக்டோபரில் ஒரு தடவை எண்ணும் பதில் ஆளும் இன்னும் அவர்கள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.